குவார்ட்டரில் 430 கலோரி: எடை குறையாமலே உடல் வற்றிய ஒருவரின் நிகழ்வு ஆய்வு

இங்கே வரும் நோயாளி ஒரே ஆள் அல்ல. பொது மருத்துவப் பிரிவிலும் நரம்பியல் பிரிவிலும் அடிக்கடி எதிர்ப்படும் ஒரு நிலையை, அதன் அளவுகள் மாறாமல், ஒருவருடைய கதையாக்கிக் கொடுத்திருக்கிறோம்.

வயது 46. விசைத்தறிப் பட்டறையில் மேஸ்திரி. மூன்று மாதமாக இரண்டு பாதங்களிலும் எரிச்சல், இரவில் அதிகம். இரண்டு வாரமாக நடையில் தள்ளாட்டம், அதுவும் காலையில், குடிக்காத நேரத்தில். பட்டறைக் கணக்கில் அடிக்கடி தவறு வருவதை முதலாளி கவனித்துச் சொல்லியிருக்கிறார். கூட வந்த மனைவி சொன்னதுதான் இந்த நிகழ்வின் சாரம்: "இவரு சாப்பிடாம இல்ல டாக்டர். எடைகூட குறையல. ஆனா பாருங்க, காலு குச்சியாப் போச்சு."

எடை 66 கிலோ, உயரம் 168 செ.மீ. உடல் நிறை எண் 23.4. அட்டையில் இந்த எண்ணைப் பார்ப்பவர்கள் 'ஊட்டம் சரி' என்று எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவார்கள். ஆனால் இடுப்புச் சுற்றளவு 94 செ.மீ. தொடையும் தோளும் வற்றியிருந்தன. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழ முடியவில்லை. எடைக்கருவிக்குத் தசையும் கொழுப்பும் ஒன்றுதான். ஒன்று குறைந்து மற்றது கூடினால் முள் அசையாது. ஆகவே குடிப்பவரின் ஊட்டத்தை எடையை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. இடுப்புச் சுற்றளவு, மேற்கைச் சுற்றளவு, கைப்பிடி வலு, எழுந்து நிற்கும் திறன் ஆகிய நான்கையும் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும்.

குடியை அளந்த விதம்

"குடிப்பீங்களா?" என்று கேட்டால் "எப்பவாச்சும்" என்றுதான் பதில் வரும். பாட்டிலின் அளவு என்ன, வாரத்தில் எத்தனை நாள், தனியாகவா பங்கு போட்டா, ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். இவருடைய பதில்: "அளவாத்தான் சார். ஒரு குவார்ட்டர். ஞாயித்துக்கிழமை மட்டும் ஆஃப்." பிராந்தி. கூட 200 மி.லி. குளிர்பானம். பதினொரு வருடப் பழக்கம்.

இதைக் கிராமுக்கு மாற்றுவது எளிது. பாட்டில் லேபிளில் 42.8 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். 180 மி.லி.யில் 42.8 சதவீதம் என்பது 77 மி.லி. சுத்த ஆல்கஹால். ஆல்கஹால் தண்ணீரைவிட லேசானது, ஒரு மி.லி. 0.789 கிராம்தான். எனவே 77 மி.லி. ஏறக்குறைய 61 கிராம். ஒரு கிராம் ஆல்கஹால் எரிந்தால் 7.1 கலோரி. ஆக ஒரு குவார்ட்டருக்கு 430 கலோரி, 375 மி.லி. ஆஃபுக்கு 900. வாரக் கணக்கு ஏறக்குறைய 3,480 கலோரி. இது குளிர்பானத்தின் சர்க்கரையைச் சேர்க்காத கணக்கு. பாட்டிலின் மேல் எச்சரிக்கை வாசகம் இருக்கும், கலோரி இருக்காது. அதனால் இந்தக் கணக்கை யாராவது உட்கார்ந்து போட்டுக் காட்டினால்தான் குடிப்பவருக்குத் தெரியவரும்.

பீர் குடிப்பவர்களுக்கும் இதே வழிதான். 650 மி.லி. பாட்டில் 8 சதவீத ஸ்ட்ராங் என்றால் ஆல்கஹால் 41 கிராம், அதிலிருந்து 290 கலோரி, மாவுச்சத்தின் கலோரி தனி. 'பீர் லைட்டு' என்று சொல்பவர் இரண்டு பாட்டில் முடிக்கும்போது குவார்ட்டரைத் தாண்டியிருப்பார்.

இந்த 430 கலோரி உடலில் என்ன ஆகிறது?

சோறு, எண்ணெய், பருப்பு மூன்றையும் உடல் சேமித்து வைக்க முடியும். ஆல்கஹாலைச் சேமிக்க இடமில்லை. அது உள்ளே இருக்கும்வரை நஞ்சு. எனவே கல்லீரல் மற்ற வேலைகளைத் தள்ளி வைத்துவிட்டு அதை எரிக்கத் தொடங்குகிறது. முதலில் அசிட்டால்டிஹைடு, பிறகு அசிட்டேட். இந்த இரண்டு படிகளிலும் கல்லீரல் செல்லுக்குள் ஹைட்ரஜனின் பாரம் ஏறுகிறது, அதனால் கொழுப்பை எரிக்கும் அடுப்பு மந்தமாகிறது. 1992-ல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் ஆரோக்கியமான ஆண்களை மூச்சுக்காற்றை அளக்கும் அறைக்குள் ஒரு நாள் முழுக்க வைத்து இதை நேரடியாக அளந்தார்கள். உணவுக் கலோரியில் கால் பங்கை ஆல்கஹாலாக மாற்றியபோது, உடல் எரித்த கொழுப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இப்படி எரியாமல் போகும் கொழுப்பு கல்லீரலிலும் வயிற்றுச் சுற்றிலும் தங்குகிறது. குடிப்பவரின் தொப்பை மதுவிலிருந்து நேரடியாக வருவது அல்ல. மது எரிந்துகொண்டிருந்த நேரத்தில் கூடச் சாப்பிட்ட மிக்சரின் எண்ணெய்தான் அங்கே தங்குகிறது.

பல வருடம் தொடர்ந்து குடிப்பவரின் கல்லீரலில் இன்னொரு எரிப்பு வழியும் வலுக்கிறது. அந்த வழியில் ஆற்றல் சேமிப்பாக மாறாமல் வெப்பமாக வீணாகிறது. அதனால்தான் மிகையாகக் குடிப்பவர் கணக்குப்படி குண்டாவதில்லை. அதைப் பார்த்து 'மது எடை போடாது' என்று முடிவு கட்டுவது தவறு. இவருக்குத் தசை கரைந்ததும் கொழுப்பு கூடியதும் ஒரே நேரத்தில் நடந்தன.

தட்டில் இருந்தது

உணவியலாளர் முந்தைய நாள் உணவை மணிவாரியாகக் கேட்டு எழுதினார். காலையில் பாலும் சர்க்கரையும் சேர்ந்த டீ இரண்டு வேளை, இட்லி இரண்டு. மதியம் பெரிய தட்டு பச்சரிசிச் சோறு, சாம்பார், கொஞ்சம் பொரியல். சாயங்காலம் குவார்ட்டர், குளிர்பானம், ஒரு பொட்டலம் மிக்சர், ஒரு ஆம்லெட். இரவு வீட்டில் தட்டு வைத்தால் "பசிக்கல". மொத்தம் ஏறக்குறைய 1,900 கலோரி. உட்கார்ந்தும் நின்றும் மேற்பார்வை பார்க்கும் ஆளுக்கு இது கிட்டத்தட்டப் போதும். அதனால்தான் எடை குறையவில்லை.

ஆனால் அதில் கிட்டத்தட்டக் கால் பங்கு ஆல்கஹால். அந்தக் கால் பங்கில் புரதம் இல்லை, வைட்டமின் பி1 எனப்படும் தயமின் இல்லை, பி9 எனப்படும் ஃபோலேட் இல்லை, துத்தநாகம் இல்லை. மீதியைக் கூட்டிப் பார்த்தால் புரதம் 40 கிராமை எட்டவில்லை. இவர் எடைக்கு 55 கிராமாவது வேண்டும். வயிற்றை நிரப்ப வேண்டிய இரவுச் சாப்பாட்டின் இடத்தை மது பிடித்துக்கொண்டது. பசியில்லாமல் போனதற்குக் காரணம் நோய் மட்டுமல்ல, உள்ளே போன 430 கலோரியும்தான்.

தட்டில் ஒரு சிறு விவரம் முக்கியமானது. இந்த வீட்டில் பத்து வருடம் முன்புவரை புழுங்கலரிசி. பிறகு வெள்ளையாக இருக்கிறது என்று பச்சரிசிக்கு மாறினார்கள், கஞ்சியையும் வடித்துவிடுகிறார்கள். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் தயமின் அரிசியின் உள்ளே இறங்குகிறது. பிறகு தீட்டினாலும் அதில் ஒரு பகுதி நிற்கும். பச்சரிசியைத் தீட்டினால் அது தவிட்டோடு போய்விடும், மிச்சம் இருப்பதில் ஒரு பங்கு வடிகஞ்சியோடு போகும். குடிக்காத ஆளுக்குப் பருப்பும் மற்ற உணவும் இதை ஈடுகட்டிவிடும். இவருக்கு ஈடுகட்ட எதுவும் இல்லை.

உள்ளே போனதும் உடலில் சேரவில்லை

சரி, சத்து மாத்திரை போட்டால் போதாதா? இவர் போட்டுக்கொண்டுதான் இருந்தார். மருந்துக்கடையில் வாங்கிய பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை, தினம் காலையில் ஒன்று, ஒரு வருடமாக. "குடிச்சாலும் இது பாத்துக்கும்னு சொன்னாங்க." இந்த நம்பிக்கை பரவலாக இருப்பதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

தயமின் சிறுகுடலின் முன்பகுதியில் உறிஞ்சப்படுகிறது. அதை ரத்தத்துக்குள் ஏற்றிவிட அங்கே தனிச் சுமைதூக்கிப் புரதங்கள் உண்டு. ஆல்கஹாலும் பெரும்பாலும் அதே இடத்தில்தான் உறிஞ்சப்படுகிறது, போகிற போக்கில் அந்தச் சுமைதூக்கிகளை மந்தப்படுத்துகிறது. நாள்பட்ட குடியில் அவற்றின் எண்ணிக்கையும் குறைகிறது. எனவே வாயில் போட்ட மாத்திரையில் உள்ளே சேருவது ஒரு சிறு பகுதிதான். இது முதல் தடை. சேர்ந்த தயமினைச் சேமித்து வைக்கும் வேலையில் கல்லீரலுக்குப் பெரிய பங்கு உண்டு. கொழுப்பேறிய கல்லீரலில் அந்தக் கொள்ளளவு குறைகிறது. இது இரண்டாவது. மூன்றாவதுதான் பலர் கவனிக்காதது. தயமின் வேலை செய்ய அதன் செயல்வடிவத்துக்கு மாற வேண்டும். அந்த மாற்றத்துக்கும், பிறகு நொதியோடு இணைந்து வேலை செய்வதற்கும் மக்னீசியம் வேண்டும். ஆல்கஹால் சிறுநீர் வழியே மக்னீசியத்தைக் கொட்டவைக்கிறது. ஆகவே தயமின் ரத்தத்தில் இருந்தாலும் வேலைக்கு வராது.

உடலின் மொத்தத் தயமின் இருப்பு 30 மி.கி. அளவுதான். வரவு நின்றால் இரண்டு மூன்று வாரத்தில் கரைந்துவிடும். பி12-க்குக் கல்லீரலில் வருடக்கணக்கில் கையிருப்பு உண்டு, தயமினுக்கு அப்படி இல்லை. எப்போதும் போலக் குடித்துக்கொண்டிருந்தவர் ஒரு காய்ச்சலில் பத்து நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்து, திடீரென்று தள்ளாடத் தொடங்குவதற்குக் காரணம் இதுதான்.

ஃபோலேட்டின் கதையும் கிட்டத்தட்ட இதேதான். குடலில் உறிஞ்சல் குறைகிறது, சிறுநீரில் இழப்பு கூடுகிறது. எலும்பு மஜ்ஜையிலும் ஆல்கஹால் நேரடியாகக் குறுக்கிடுகிறது. ஃபோலேட் சாப்பிட்டாலும் மஜ்ஜை புதிய ரத்த அணுக்களை உருவாக்குவதை ஆல்கஹால் அடக்கிவிடுவதை 1964-லேயே காட்டியிருக்கிறார்கள்.

இரும்பு மட்டும் எதிர்த்திசையில் போகிறது. ஆல்கஹால் இரும்பு உறிஞ்சலைக் கட்டுப்படுத்தும் ஹெப்சிடினைக் குறைப்பதால் தேவைக்கு மேல் இரும்பு உள்ளே வருகிறது, கல்லீரலில் தங்கி அதைப் புண்ணாக்குகிறது. 'வெளிறிப் போயிருக்கிறார்' என்று குடிப்பவருக்குப் பரிசோதிக்காமல் இரும்பு மாத்திரை கொடுக்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

பரிசோதனை அறிக்கையை வாசித்த விதம்

ஹீமோகுளோபின் 11.2. ரத்தச் சிவப்பணுவின் சராசரிக் கன அளவு 106, நூறைத் தாண்டினாலே பெரிது. கல்லீரல் நொதிகளில் ஏ.எஸ்.டி. 112, ஏ.எல்.டி. 48, காமா ஜி.டி. 240. டிரைகிளிசரைடு 310. மக்னீசியம் 1.4, பொட்டாசியம் 3.3, பாஸ்பரஸ் 2.4, மூன்றும் குறைவு. ஃபோலேட் குறைவு, பி12 சாதாரணம், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 480. ரத்தச் சர்க்கரை சாதாரணம்.

இதில் மூன்று இடங்களில் வழி தவறலாம். ஏ.எல்.டி. 48-தானே என்று கல்லீரலைச் சாதாரணமாக எடுத்துக்கொள்வது ஒன்று. ஏ.எல்.டி. நொதி வேலை செய்ய வைட்டமின் பி6 வேண்டும். குடிப்பவருக்கு அது குறைவாக இருப்பதால் அந்த எண் ஏறாது. ஏ.எஸ்.டி. ஏ.எல்.டி.யைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருப்பதே இங்கே தடயம், சத்துக்குறைவும் அந்த விகிதத்துக்கு ஒரு காரணம். ஃபெரிட்டின் 480-ஐப் பார்த்து 'இரும்பு நிறைய இருக்கிறது' என்று நிற்பது இரண்டாவது. கல்லீரல் வீங்கினாலும் ஃபெரிட்டின் ஏறும். மூன்றாவது, பி12 சாதாரணம் என்ற நிம்மதி. கல்லீரல் செல்கள் சிதையும்போது உள்ளிருந்த பி12 ரத்தத்தில் கசியும், எனவே அந்த எண்ணை அப்படியே நம்ப முடியாது. பெரிய சிவப்பணுவுக்கு ஃபோலேட் குறைவும் காரணமாகலாம், ஆல்கஹால் மஜ்ஜையை நேரடியாகத் தாக்குவதும் காரணமாகலாம். இவரிடம் இரண்டுமே.

தயமின் அளவு கேட்டு அனுப்பவில்லை. முடிவு வர நாளாகும், அதற்குள் மூளை காத்திருக்காது. படுக்கையருகே பார்த்தது போதுமானதாக இருந்தது. பக்கவாட்டில் பார்க்கச் சொன்னபோது கண்மணி இரண்டு பக்கமும் சிறிதாகத் துடித்தது. ஒரே கோட்டில் குதிகாலைப் பெருவிரலோடு ஒட்டி ஒட்டி நடக்கச் சொன்னபோது மூன்றாவது அடியில் சுவரைப் பிடித்தார். கணுக்கால் அனிச்சை இல்லை. தயமின் குறைவால் மூளை பாதிக்கப்படுவதுதான் வெர்னிக்கே நோய். அதற்குக் குழப்பம், கண் கோளாறு, தள்ளாட்டம் மூன்றும் சேர்ந்து வரும் என்று பாடத்தில் படிக்கிறோம். மூன்றும் சேர்ந்து வருபவர்கள் சிறுபான்மைதான். 1997-ல் வகுத்த கெயின் அளவுகோலின்படி உணவுக் குறைவு, கண் கோளாறு, சிறுமூளைத் தள்ளாட்டம், மனநிலை அல்லது நினைவுக் குறைவு ஆகிய நான்கில் இரண்டு இருந்தால் போதும். இவருக்கு நான்குமே ஏதோ ஓர் அளவில் இருந்தன.

இடையில் நடந்த ஒரு தவறு

வருவதற்கு ஐந்து நாள் முன்பு, சோர்வாக இருக்கிறது என்று வீட்டருகே ஒரு கிளினிக்குக்குப் போயிருக்கிறார். குளுக்கோஸ் இரண்டு பாட்டில் ஏற்றி அனுப்பினார்கள். தயமின் போடவில்லை. அன்று இரவே தள்ளாட்டம் கூடியது, பேசியதைத் திரும்பத் திரும்பப் பேசினார் என்று மனைவி சொன்னார்.

குளுக்கோஸை ஆற்றலாக மாற்றும் பாதையின் முக்கிய நொதிகளுக்குத் தயமின் துணை வேண்டும். இருப்பு அடித்தட்டில் இருக்கும்போது குளுக்கோஸைக் கொட்டினால், மிச்சம் இருந்த தயமினும் அதில் செலவாகி மூளையின் பசி கூடும். இவருக்கு அன்றைய குளுக்கோஸ்தான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது, நோய் ஏற்கெனவே தொடங்கிவிட்டது. ஆனால் ஒழுங்கு எளிமையானது. குடிப்பவருக்குக் குளுக்கோஸ் ஏற்றும் முன் அல்லது அதோடு சேர்த்துத் தயமின் போட வேண்டும். ஒரே விதிவிலக்கு, ரத்தச் சர்க்கரை ஆபத்தாகக் குறைந்திருந்தால் தயமின் வரும்வரை காத்திருக்காமல் குளுக்கோஸைக் கொடுத்து, உடனே தயமினைப் போடுவது. வெறும் வயிற்றில் குடித்தவருக்கு அப்படிக் குறைவதுண்டு, ஏனென்றால் ஆல்கஹாலை எரித்துக்கொண்டிருக்கும் கல்லீரலால் புதிதாகச் சர்க்கரை தயாரிக்க முடிவதில்லை.

சிகிச்சை

உள்நோயாளியாகச் சேர்த்தார்கள். வீட்டிலேயே 'இன்னையிலிருந்து நிறுத்திடு' என்று சொல்வது இப்படிப்பட்டவருக்கு ஆபத்து. தினம் 60 கிராம் குடித்துப் பழகிய மூளை திடீரென்று நிறுத்தினால் முதல் நாளில் நடுக்கம், இரண்டு நாளுக்குள் வலிப்பு, மூன்றாம் நாள் வாக்கில் பிதற்றலோடு கூடிய ஜன்னி வரலாம். அதைத் தடுக்க மருத்துவமனையில் பென்சோடயாசெபைன் வகை மருந்தை அளந்து கொடுத்து, படிப்படியாகக் குறைத்தார்கள்.

தயமின் 500 மி.கி., நூறு மி.லி. உப்புநீரில் கலந்து அரைமணி நேரம் ரத்தக் குழாய் வழியே, நாளுக்கு மூன்று வேளை, மூன்று நாள். பிறகு ஐந்து நாள் தினம் 250 மி.கி. அதன் பின்தான் மாத்திரை. வாய்வழி ஏன் இல்லை என்பதற்குக் காரணம் மேலே சொன்ன குடல் தடைதான். கூடவே மக்னீசியம் ஏற்றினார்கள். தயமின் கொடுத்தும் முன்னேற்றம் இல்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது மக்னீசியத்தைத்தான். பி12 ஊசி போட்ட பிறகு ஃபோலிக் அமிலம் தினம் 5 மி.கி. தொடங்கியது. பி12 குறைவு மறைந்திருக்கும்போது ஃபோலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் ரத்தம் தேறும், நரம்பு கெடும்.

உணவை முதல் மூன்று நாள் 1,200 கலோரியிலேயே நிறுத்தினார்கள். வற்றிய உடலுக்குத் திடீரென்று நிறைய மாவுச்சத்துக் கொடுத்தால் பாஸ்பரஸும் பொட்டாசியமும் செல்லுக்குள் ஓடி ரத்தத்தில் சரிந்துவிடும், இதயத் துடிப்பே தடுமாறும். தினமும் அளந்து, நிலைத்ததும் ஒரு வாரத்தில் 2,000-க்கு ஏற்றினார்கள். புரதம் 80 கிராம். நாளுக்கு இரண்டு முட்டை, மதியம் மீன், இரவு பருப்புக் கூட்டு, படுக்குமுன் சுண்டலோ பாலோ. புழுங்கலரிசி, கஞ்சியை வடிக்காமல். படுக்குமுன் கொடுக்கும் சிறு உணவைத் தவறவிடக் கூடாது. கெட்ட கல்லீரலில் சர்க்கரைச் சேமிப்பு குறைவு, நீண்ட இரவுப் பட்டினியில் அது தீர்ந்தால் உடல் தசையை உடைத்து எரிக்கத் தொடங்கும். வைட்டமின் ஏ மாத்திரை கொடுக்கவில்லை. குடியில் அது குறைவதும் உண்மை, கூடுதலாகக் கொடுத்தால் கல்லீரலைக் கெடுப்பதும் உண்மை. இரண்டுக்கும் இடைவெளி மிகக் குறுகல்.

"அளவாக் குடிச்சா இதயத்துக்கு நல்லதாமே?"

வீட்டுக்கு அனுப்பும் நாளில் இவர் கேட்ட கேள்வி இது. ஏமாற்றும் கேள்வி அல்ல, நம்பிக் கேட்டது. அதனால் அவருடைய வாழ்க்கையை வைத்தே பதில் சொன்னோம்.

அந்த நம்பிக்கைக்குப் பின்னால் உண்மையான ஆய்வுகள் உண்டு. 1926-ல் ரேமண்ட் பேர்ல் என்ற அமெரிக்க உயிரியலாளர், மிதமாகக் குடிப்பவர்கள் குடிக்காதவர்களைவிடக் குறைவான நாள் வாழவில்லை என்று எழுதினார். 1981-ல் லான்செட் இதழில் யூ வடிவ வளைவு வந்தது: குடிக்காதவர்கள் ஒரு மேட்டில், மிகையாகக் குடிப்பவர்கள் மறு மேட்டில், மிதமானவர்கள் பள்ளத்தில், பள்ளம் என்றால் குறைந்த மரணம். கொழுப்பு நிறையச் சாப்பிட்டும் பிரெஞ்சுக்காரர்களுக்கு இதயநோய் குறைவு என்ற 'பிரெஞ்சு முரண்' 1991-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானதும் சிவப்பு ஒயின் மருந்தாகிவிட்டது. அதில் உள்ள ரெஸ்வெரட்ரால் லிட்டருக்குச் சில மி.கி.தான். ஆய்வுகளில் கொடுத்துப் பார்த்த அளவை எட்ட நாளுக்குப் பல டஜன் பாட்டில் வேண்டும்.

வளைவின் இடது மேட்டில் இருப்பவர்கள் யார் என்று முதலில் உரத்துக் கேட்டவர் பிரிட்டனின் ஜெரால்டு ஷேப்பர், 1988-ல். 'குடிப்பதில்லை' என்று சொன்னவர்களில் பலர் முன்பு குடித்து, நோய் வந்து நிறுத்தியவர்கள்.

எங்கள் நோயாளியையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்று நிறுத்துகிறார். இரண்டு வருடம் கழித்து ஒருவர் படிவத்தோடு வந்து "குடிப்பீங்களா?" என்று கேட்டால் உண்மையாகவே "இல்லை" என்பார். கெட்ட கல்லீரலும் செத்த நரம்பும் கொண்ட இவர், குடிக்காதவர்களின் வரிசையில் எண்ணப்படுவார். இவர் சீக்கிரம் இறந்தால் அது குடிக்காதவரின் மரணம். இவர் கூட்டாளி, பட்டறை முதலாளி, உடம்பு நன்றாக இருப்பதால் வாரம் இருமுறை சிறிது குடிப்பவர், மிதமானவர் வரிசையில் நிற்பார். வசதி, நல்ல சாப்பாடு, நடைப்பயிற்சி எல்லாம் அவரிடம் இருக்கும். அந்த ஆரோக்கியத்தின் பெருமை மதுவுக்குப் போகும்.

இந்தக் கலப்பைச் சரிசெய்ய முயன்றபோது பள்ளம் ஆழம் குறைந்தது. 2023-ல் 107 ஆய்வுகளையும் 48 லட்சம் பேரையும் சேர்த்துப் பார்த்ததில், குறைவாகக் குடிப்பவர்களுக்குக் குறிப்பிடத்தக்க ஆயுள் நன்மை தெரியவில்லை. ஆண்களில் 45 கிராமுக்கு மேலும் பெண்களில் 25 கிராமுக்கு மேலும் மரண ஆபத்து தெளிவாக ஏறியது. இவருடைய குவார்ட்டர் 61 கிராம்.

இதைவிட அழகான சோதனை சீனாவில் நடந்தது, 2019-ல் வெளியானது. கிழக்காசியர் பலருக்குப் பிறப்பிலேயே ஒரு மரபணு வேறுபாடு உண்டு. அசிட்டால்டிஹைடு சேர்ந்து முகம் சிவந்து குமட்டும், அதனால் குடிப்பது குறையும். மரபணு பிறக்கும்போதே அமைவது. நோய் வந்ததால் யாரும் அதை மாற்றிக்கொள்வதில்லை, பணத்தால் வாங்குவதும் இல்லை. குடியை வாயால் கேட்டபோது பக்கவாதத்துக்கு வழக்கமான யூ வளைவு வந்தது. மரபணுவால் கணித்தபோது பள்ளம் மறைந்து, குடி கூடக் கூட ரத்த அழுத்தமும் பக்கவாதமும் ஏறும் நேர்கோடு வந்தது. அங்கே பெண்கள் அனேகமாகக் குடிப்பதில்லை. அதே மரபணு அவர்களிடம் இருந்தும் அந்த விளைவு இல்லை. குற்றவாளி மரபணு அல்ல, மது.

விவாதம் முழுவதும் முடிந்துவிடவில்லை என்பதையும் சொன்னோம். 2024 டிசம்பரில் வந்த அமெரிக்கத் தேசிய அகாதமிகளின் அறிக்கை, மிதமாகக் குடிப்பவர்களிடம் மொத்த மரணம் குறைவாகத் தெரிகிறது என்றும், மார்பகப் புற்றுநோய் கூடுகிறது என்றும் சொன்னது. அதுவும் பெரும்பாலும் இதே வகைக் கண்காணிப்பு ஆய்வுகளைச் சார்ந்தது. இதைத் தீர்க்கத் தொடங்கிய ஒரு பெரிய நேரடிச் சோதனை, மதுத் தொழில் பணம் உள்ளே வந்த விதத்தால் 2018-ல் நிறுத்தப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் 2023-ல் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்றது, முக்கியமாகப் புற்றுநோயை வைத்து.

இவருக்கு உறைத்தது இந்த வரலாறு எதுவும் இல்லை. ஒரு கணக்குதான். வளைவை நம்புபவர்கள் காட்டும் பள்ளத்தின் அடித்தளம், 2006-ல் வந்த பெரிய தொகுப்பாய்வின்படி, நாளுக்கு 6 கிராம். இந்தப் பிராந்தியில் அது 18 மி.லி. உணவியலாளர் ஒரு சிறு கிண்ணத்தில் ஒரு மேசைக்கரண்டித் தண்ணீரும் கூட அரைத் தேக்கரண்டியும் விட்டு மேசையில் வைத்தார். "இவ்வளவுதாங்க, நீங்க சொல்ற அளவு." நோயாளி கிண்ணத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதுக்கு எதுக்குங்க குடிக்கணும்."

இங்கே ஒரு பெக் என்பது 60 மி.லி., அதில் 20 கிராம் ஆல்கஹால். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் அது இரண்டு பானம். குவார்ட்டர் ஆறு பானம். 'அளவாக' என்ற சொல் ஆய்வில் ஒரு பொருளிலும் கடை மேசையில் வேறு பொருளிலும் புழங்குகிறது.

பின்தொடர்ந்தது

கண் துடிப்பு மூன்றாம் நாளே குறைந்தது, ஒரு வாரத்தில் நின்றது. தள்ளாட்டம் ஒரு மாதத்தில் பெருமளவு சரியானது. காமா ஜி.டி. மூன்றாம் வாரத்தில் 118, எட்டாம் வாரத்தில் 52. இந்த எண் குடி நின்றால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏறக்குறையப் பாதியாகும். அப்படி இறங்காவிட்டால் எங்கோ குடி தொடர்கிறதா என்று மென்மையாகக் கேட்க வேண்டும். சிவப்பணுவின் அளவு நான்காம் மாதத்தில்தான் 94-க்கு வந்தது. சிவப்பணு 120 நாள் வாழும், பழைய பெரிய பணுக்கள் வெளியேறும்வரை எண் இறங்காது.

எடைதான் வேடிக்கை காட்டியது. முதல் மாதம் 66-லிருந்து 63-க்கு இறங்கியது. "நிறுத்தினதுலதான் உடம்பு போச்சு" என்று உறவுக்காரர்கள் சொல்ல, இவரும் கலங்கிவிட்டார். இடுப்பை அளந்து காட்டிய பிறகுதான் அமைதியானார், அது 94-லிருந்து 89-க்கு வந்திருந்தது. ஆறாம் மாதம் எடை மறுபடி 66, இடுப்பு 87. முள் அதே இடத்தில் நின்றது. இந்த முறை நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்தார்.

பாத எரிச்சல் பாதியாகக் குறைந்திருக்கிறது. கணுக்கால் அனிச்சை இன்னும் வரவில்லை. வெந்நீரின் சூடு பாதத்துக்குத் தெரியாததால், குளிக்குமுன் தண்ணீரை முழங்கையால் தொட்டுப் பார்க்கவும், பட்டறையில் செருப்பில்லாமல் நடக்காமல் இருக்கவும், தினம் இரவு மனைவி பாதத்தில் புண் இருக்கிறதா என்று பார்க்கவும் சொல்லி அனுப்பினோம்.